நின்றிருக்கும்போது அமுக்கிப் பார்த்த எமர்ஜென்சி பட்டன்

பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறை. முதலாளி ஓசூர்க்காரர். 3 ஹெச்பி மோட்டார் பூட்டிய பழைய லேத்துக்கு, எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் போட்டிருந்தார். "செக் பண்ணியாச்சுண்ணா. பட்டனை அமுக்கிட்டு ஸ்டார்ட் கொடுத்தா மெஷின் எடுக்கவே மாட்டேங்குது" என்றார். நான் லேத்தை ஓடவிட்டு அதே பட்டனை அமுக்கினேன். ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரில் இருந்த சாதாரண ஸ்டாப் பட்டனை அமுக்கிய பிறகுதான் நின்றது.

பேனலைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ஸ்டார்ட் பட்டனை ஒரு நொடி அமுக்கினால், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குக் கரண்ட் போய் அது இழுத்துக்கொள்ளும். கையை எடுத்த பிறகு காயிலைப் பிடித்து வைத்திருப்பது கான்டாக்டரிலேயே இருக்கும் 13-14 என்ற ஹோல்டிங் கான்டாக்ட். அது ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக இருக்கும். இங்கே எமர்ஜென்சி பட்டனை ஸ்டார்ட் பட்டனோடு மட்டும் தொடராகக் கோத்து, ஹோல்டிங் வயரை இரண்டுக்கும் முன்னாலிருந்து எடுத்திருந்தார்கள். மெஷின் நின்றிருந்தால் பட்டன் ஸ்டார்ட்டைத் தடுக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்ட் ஹோல்டிங் வழியாகப் போய்க்கொண்டிருக்கும், பட்டனைக் கேட்க ஆளில்லை. டெஸ்ட் செய்தவரும் நின்ற மெஷினில்தான் செய்திருக்கிறார்.

சரியான வரிசை இதுதான். கன்ட்ரோல் ஃபியூஸிலிருந்து வரும் வயர் முதலில் எமர்ஜென்சி பட்டனின் என்.சி. கான்டாக்டுக்கு, அதாவது அமுக்காதபோது மூடியிருக்கும் கான்டாக்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஸ்டாப் பட்டன், அப்புறம் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் வெட்டும் ஓவர்லோட் ரிலேயின் 95-96 முனைகள், அதன் பிறகு ஸ்டார்ட் பட்டன், கடைசியில் காயிலின் ஏ1 முனை. ஹோல்டிங் கான்டாக்ட் ஸ்டார்ட் பட்டனின் இரண்டு முனைகளை மட்டும் தாண்ட வேண்டும், வேறு எதையும் தாண்டக்கூடாது.

என்.சி.தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பட்டன் வரை போகும் வயர் அதிர்வில் கழன்றாலோ எலி கடித்தாலோ மெஷின் தானே நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். அமுக்கினால்தான் மூடும் என்.ஓ. கான்டாக்டில் ரிலே வைத்து நிறுத்தும்படி செய்தால், வயர் கழன்றது ஆபத்து வரும் அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, பட்டன் எந்தப் பக்கம் என்பது. அந்தப் பேனலில் 110 வோல்ட் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதன் ஒரு முனையை எர்த் செய்தேன். காயிலின் மறுமுனையான ஏ2 நேராக அந்த எர்த் முனைக்குப் போகும், பட்டன்கள் எல்லாம் ஃபியூஸ் பக்கம். பட்டனை ஏ2 பக்கம் வைத்தால், காயிலிலிருந்து பட்டனுக்குப் போகும் வயர் தோல் உரிந்து மெஷின் பாடியில் பட்டாலே போதும். பட்டனை அமுக்கினாலும் காயிலுக்கு எர்த் வழியாகச் சுற்று முடிந்துவிடும், மெஷின் நிற்காது. ஃபியூஸ் பக்கம் இருந்தால் அதே பழுதில் ஃபியூஸ் போகும், காயில் விட்டுவிடும்.

மாற்றிய பிறகு மெயினை ஆஃப் செய்து பூட்டி, கன்ட்ரோல் ஃபியூஸையும் எடுத்துவிட்டு ஒரு சோதனை. ஃபியூஸின் வெளிமுனையிலும் ஏ1-லும் மல்டிமீட்டரை வைத்து, கான்டாக்டரின் நடுப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளிப் பிடித்தேன். ஹோல்டிங் மூடியதால் பீப் வந்தது. அப்படியே பிடித்தபடி எமர்ஜென்சி பட்டனை அமுக்கச் சொன்னேன். பீப் நின்றது. அதன் பிறகு கரண்ட் கொடுத்து, ஓடும் லேத்தில் அமுக்கினோம். கான்டாக்டர் "டக்" என்று விட்டது. பட்டனைத் திருகி விடுவித்தபோது மெஷின் சும்மா இருந்தது, ஸ்டார்ட் அமுக்கினால்தான் எடுத்தது. மெயினை ஆஃப் செய்து திரும்பப் போட்டபோதும் அப்படியே. ஸ்டார்ட் பட்டனுக்குப் பதில் திருப்பும் சுவிட்ச் வைத்திருந்தால் இந்த இரண்டும் கிடைக்காது. கரண்ட் போய் வந்தாலே சக் சுற்றும், அந்த நேரம் பார்த்து யாராவது ஜாப் மாட்டிக்கொண்டிருப்பார்.

முதலாளி "இனி பயமில்லையா?" என்றார். பாதி சரி. கரண்ட் போனாலும் கனமான சக் சில நொடி சுற்றித்தான் நிற்கும். பிரேக் வேலையை இந்தப் பட்டன் செய்யாது. மறுபாதி கான்டாக்டர். ஷார்ட் சர்க்யூட் வந்தாலோ, மோட்டாருக்குச் சிறியதைப் போட்டாலோ அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு முனை ஒட்டினால் மோட்டார் வழக்கம்போல நிற்கும், யாருக்கும் சந்தேகமே வராது. இரண்டாவதும் ஒட்டினால் காயில் விட்ட பிறகும் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றும். அதனால் பேனலில் ஷார்ட் வந்த பிறகு, மெயின் ஆஃபில் கான்டாக்டரின் மெயின் முனைகளான 1-2, 3-4, 5-6 மூன்றையும் தனித்தனியாக மீட்டரில் பாருங்கள், ஒன்றிலும் பீப் வரக்கூடாது.

கையே உள்ளே போகும் மெஷின் என்றால் ஒரு கான்டாக்டரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டைத் தொடராகப் போட்டு, இரண்டின் துணைக் கான்டாக்டையும் சேஃப்டி ரிலேக்குக் கொடுக்க வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது கரண்டை வெட்டும், ரிலேயும் அடுத்த ஸ்டார்ட்டை அனுமதிக்காது. செலவு கூடும் என்று அவர் முகம் சுளித்தார். லேத்துக்கு இப்போதைக்கு இது போதும், பக்கத்தில் இருக்கும் பவர் பிரஸ்ஸுக்குப் போதாது என்றேன்.