மைலேஜ் குறைந்தால் முதலில் நோட்டைப் புரட்டுங்கள்

"வண்டி முன்ன மாதிரி மைலேஜ் கொடுக்க மாட்டேங்குது" என்று பட்டறைக்கு வருபவரிடம் எப்போதிலிருந்து என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் கார்புரேட்டர், பிளக், ஏர் ஃபில்டர் என்று வரிசையாகக் கை வைத்து, தேவையில்லாமல் செலவு ஏறுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஓடோமீட்டர் கிலோமீட்டர், செய்த வேலை, செலவு, அடுத்த சர்வீஸ் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் போட்ட கணக்கும் அதே நோட்டிலேயே, தேதி வாரியாக, சர்வீஸ் வரிகளுக்கு நடுவில் வர வேண்டும். ஏன் என்பது கீழே புரியும்.

மைலேஜை ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை பார்ப்பதே சரி. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டேங்க் வாயின் கீழ் விளிம்பு வரை மட்டும் நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் அதே மட்டம்தான். நடுவில் 300 ரூபாய்க்குப் போட்டாலும் அந்த லிட்டரைக் குறித்து, அடுத்த ஃபுல் டேங்க் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மைலேஜ் பொய்யாகக் கூடித் தெரியும்.

ஒரு 100 சிசி பைக்கின் நோட்டைப் பார்ப்போம். 18,240-ல் ஃபுல் டேங்க். 18,655-ல் மீண்டும் நிரப்ப 7.1 லிட்டர் பிடித்தது. 415 கிலோமீட்டரை 7.1 ஆல் வகுத்தால் லிட்டருக்கு 58. அடுத்தது 19,040-ல், இடையில் போட்ட 3 லிட்டரையும் சேர்த்து 7.4, அதாவது 52. ஒரு தடவை குறைந்தால் பயப்பட வேண்டாம், நிரப்பிய மட்டம் கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் 19,402-ல் 7 லிட்டர், மறுபடியும் 52தான். இது உண்மையான குறைவு.

இப்போது 18,655-க்குப் பிந்திய சர்வீஸ் வரியைப் பாருங்கள்: "18,690, பின் பிரேக் டைட் வைத்தது, 50 ரூபாய்." சந்தேகம் அங்கேதான். வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால், உரசும் சத்தத்தோடு சீக்கிரம் நின்றுவிடுகிறது. ஓட்டி வந்ததும் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கிறது (தொட வேண்டாம்). அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்தி, பெடலில் 2 முதல் 3 செ.மீ. ப்ளே விட்டதும் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. அடுத்த ஃபுல் டேங்கில் 58 திரும்பிவிட்டது. எஞ்சின் பக்கம் போகவே தேவையில்லை.

அப்படி எந்த வேலையும் பதிவாகவில்லை என்றால் டயர் காற்று, செயின், ஏர் ஃபில்டர் கடைசியாக மாற்றிய கிலோமீட்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

'அடுத்த சர்வீஸ்' கட்டத்தில் கிலோமீட்டரை மட்டும் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆயிலுக்கு 3,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்று உங்கள் வண்டிக் கையேடு சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. தினம் 2 கிலோமீட்டர் கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் ஆயிலில் ஈரம் தங்கும். அதற்குத் தேதிதான் முதலில் வரும்.