ஐந்து மேசையும் ஒரே நீள வரிசையும்

திருகோணமலையிலும் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களிலும் நடக்கும் மாநாடுகளுக்குப் பதிவு மேசை போட்டுக் கொடுப்பது என் வேலை. மேடை அலங்காரம், சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாம் வேறு ஆட்கள். வாசலில் ஒருவர் வந்து நின்று, பெயர் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போகும்வரை உள்ள அந்தச் சில நிமிடம் மட்டும் என் பொறுப்பு. அந்தச் சில நிமிடத்தில் நான் நன்றாகச் சறுக்கிய ஒரு காலையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆடி மாதம். 420 பேராளர்கள். 8 மணிக்குப் பதிவு, 9 மணிக்கு மங்கள விளக்கேற்றல். ஐந்து மேசை போட்டு, ஆங்கில எழுத்து வரிசையில் பிரித்திருந்தேன்: ஏ முதல் ஈ வரை ஒன்று, எஃப் முதல் ஜே வரை ஒன்று என்று கடைசியில் எஸ் முதல் இசட் வரை. 8.40க்குப் பார்த்தால் இரண்டாம் மேசைப் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தாம் மேசையின் வரிசையோ விறாந்தையைத் தாண்டி வெயிலில் நிற்கிறது. சிவா, சுரேஷ், செல்வி, தவம், திலகா, வாணி, விஜயன், யோகன் எல்லாருமே எஸ், ரி, வி, வை தானே. 420இல் 170க்கு மேல் அந்த ஒரு மேசைக்குச் சொந்தம். யாரோ வேற்றூர்க்காரரின் பெயர்களுக்குச் செய்த பிரிப்பை நான் யோசிக்காமல் எடுத்து எங்கள் பெயர்களில் ஒட்டியிருந்தேன்.

எழுத்தைச் சமமாகப் பிரித்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிசியல் உண்டு. கே. தவராசா என்றால் அவரை ‘கே’யில் தேடுவதா, ‘ரி’யில் தேடுவதா? அவரே ஒருநாள் ஒருமாதிரி எழுதுவார். தர்சினிகளில் பாதிப்பேர் ‘ரி’யிலும் மீதிப்பேர் ‘டி’யிலும் தொடங்குவார்கள். கஜனுக்கு ‘கே’யும் உண்டு, ‘ஜி’யும் உண்டு. மூதூர், கிண்ணியாப் பக்கத்து நானாமாரின் பெயர்களுக்கு முன்னால் எம்.ஐ.எம். என்று நீளும். சிங்களப் பேராளர்களின் இனிசியல் அதைவிட நீளம். மேசையில் இருந்த பிள்ளை ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு இடத்தில் தேடினாள். போதாக்குறைக்கு, அட்டைகளை மேசைமேல் அழகாகப் பரப்பி வைத்திருந்தோம். கச்சான் காற்று அடிக்கிற மாதம் என்பது மறந்துபோயிற்று. ஒரு வீச்சில் முப்பது நாற்பது அட்டை நிலத்தில்.

விளக்கேற்றல் 9.35க்குத்தான் நடந்தது. பிரதம விருந்தினர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதல் சங்கடம்.

அன்று மத்தியானம் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இப்போது எல்லா வேலைக்கும் முதலிலேயே போடுகிறேன். அந்தக் காலையில் ஒருவரை முடித்து அனுப்ப, தேடுதல், கையெழுத்து, பை கொடுத்தல் எல்லாம் சேர்த்துச் சராசரி 45 வினாடி எடுத்தது. மொத்தம் எத்தனை பேர் என்பதை வைத்து மேசையை எண்ணக்கூடாது. மிக நெரிசலான பத்து நிமிடத்தில் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் எண்ண வேண்டும். வாடகைக்கு எடுத்த இரண்டு பஸ், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த வான்கள், உள்ளூர் ஓட்டோக்கள் எல்லாம் 8.30ஐ ஒட்டி வந்து சேர்ந்தன. அந்தப் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 120 பேர். 120 பேருக்கு 45 வினாடிப்படி 90 நிமிட வேலை. அதைப் பத்து நிமிடத்தில் முடிக்க ஒன்பது மேசை வேண்டும். எந்த ஏற்பாட்டாளரும் எனக்கு ஒன்பது மேசையும் பதினெட்டுப் பிள்ளைகளும் தரமாட்டார். ஆனால் 45 வினாடியை 25 ஆக்கினால் 50 நிமிட வேலைதான். ஐந்து மேசை போதும். ஆகவே கேள்வி மேசையைக் கூட்டுவது அல்ல. அந்த இருபது வினாடியை எங்கே கழிப்பது என்பது.

அடுத்த வருடம் ஏறத்தாழ அதே அளவு கூட்டம் வந்தது. இம்முறை எழுத்தைக் கைவிட்டு, எல்லாருக்கும் எண் கொடுத்தேன். முதல் நாள் மாலை ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் ஒரே வரி போனது: “உங்கள் எண் 237. மேசை 4.” மேசையைக் கடைசி இலக்கத்தால் பிரித்தேன். 1, 2இல் முடிந்தால் முதல் மேசை, 3, 4 இரண்டாவது, 5, 6 மூன்றாவது, 7, 8 நான்காவது, 9, 0 ஐந்தாவது. 420 பேர் என்றால் மேசைக்குச் சரியாக 84 அட்டை. அட்டைகள் எண் வரிசையில், சப்பாத்துப் பெட்டி அளவான பெட்டியில் நிமிர்த்தி வைக்கப்பட்டன. காற்று இனி என்ன செய்யும்?

கடைசி இலக்கம் ஏன், 1 முதல் 84 வரை முதல் மேசை என்று இலேசாகப் பிரிக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு திணைக்களம் தன் ஆட்கள் 22 பேரின் பெயரை ஒரே பட்டியலாக அனுப்பும். அவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழும். அவர்களே ஒரே பஸ்ஸில் வந்து ஒரே நேரத்தில் இறங்குவார்கள். முதல் மேசையில் 22 பேர் நிற்க, மற்ற நான்கும் சும்மா இருக்கும். கடைசி இலக்கத்தால் பிரித்தால் அதே 22 பேரும் மேசைக்கு நாலைந்தாகச் சிதறிவிடுவார்கள்.

எண்ணைப் பார்க்காமல் வருகிறவர்கள் இருப்பார்கள். நாலில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்காக வாசல் படிக்குப் பக்கத்தில், வரிசை தொடங்கும் முன்பே, பெயர்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் ஒட்டி இரண்டு பிள்ளைகளை நிறுத்தினேன். அதில் ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை வரும்: ஒருமுறை சொந்தப் பெயரின் கீழ், ஒருமுறை இனிசியலின் கீழ். தவராசாவை ‘கே’யில் தேடினாலும் ‘ரி’யில் தேடினாலும் அகப்படுவார். தேடுகிற வேலை பலகையில் முடிந்துவிடும். மேசைக்கு வரும்போது எல்லார் வாயிலும் ஓர் எண் மட்டும் இருக்கும்.

மிச்ச வினாடிகளைத் தின்றது வரவுப் பதிவேடு. பெயர், பதவி, அடையாள அட்டை எண், தொலைபேசி, கையொப்பம் என்று ஐந்து கட்டம் போட்ட தாளை நீட்டினால், ஒருவர் குனிந்து எழுதி முடிக்கவே நேரம் போகும். முன்னால் எழுதியவரின் தொலைபேசி எண்ணைப் பின்னால் நிற்பவர் எல்லாரும் வாசிக்கவும் முடியும். இப்போது எண்ணும் பெயரும் அச்சடித்த தாளில் கையொப்பக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். மற்ற விவரம் பதிவுப் படிவத்திலேயே வாங்கியாயிற்று.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிக்கலை வரிசையில் வைத்துத் தீர்க்காமல் இருப்பது. பட்டியலில் பெயரே இல்லாத ஒருவரோடு மேசையில் ஐந்து நிமிடம் பேசினால், பின்னால் பன்னிரண்டு பேரின் நேரம் போய்விடுகிறது. ஆகவே ஆறாவதாக ஓர் உதவி மேசை, சற்றுத் தள்ளி, கதிரையோடு. வரிசை மேசைப் பிள்ளைகளுக்கு ஒரே கட்டளை: அட்டை உடனே கைக்கு வரவில்லை என்றால் “ஐயா, அந்த மேசையில அக்கா பார்த்துத் தருவா” என்று சொல்லி அனுப்ப வேண்டும். அங்கே நான் இருப்பேன். அங்கே வருவதில் பெரும்பங்கு ஒரே வகை:

“பணிப்பாளர் வரேல்ல தங்கச்சி, என்னை அனுப்பினவர். அவற்ர அட்டையைத் தாங்கோவன், நான் போட்டுக்கொள்றன்.”

கொடுக்கக்கூடாது. பணிப்பாளரின் அட்டையோடு உள்ளே போனால் சான்றிதழும் பயணப்படியும் பணிப்பாளர் பெயரில் எழுதப்பட்டுவிடும். வெறும் அட்டைகள் பத்துக்கு ஒன்று வீதம், அதாவது நாற்பது, முன்கூட்டி வெட்டி வைத்திருப்பேன். தடித்த மார்க்கரால் அவருடைய பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, பணிப்பாளரின் அட்டையைத் தனி உறையில் போட்டுவிடுவேன்.

அட்டையைப் பற்றி. ஏ6 அளவு, சொந்தப் பெயர் பெரிதாக, இனிசியல் சிறிதாக, அவர் படிவத்தில் தெரிவுசெய்த மொழியிலும் ஆங்கிலத்திலும். நாடாவில் ஒற்றைக் கொக்கி என்றால் அட்டை திரும்பி முதுகைக் காட்டும். இரண்டு பக்கமும் ஒன்றையே அச்சடித்துவிடுவது மலிவான தீர்வு. எங்கள் ஊர்களில் தமிழ் அச்சுக்கு இன்னொரு கண்டம் உண்டு. பட்டியல் யூனிகோடில் இருக்கும், அச்சகத்தில் பாமினி எழுத்துரு இருக்கும். மாற்றும்போது கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். ஜெயந்தி, கொன்சி, கௌசல்யா, ஸ்ரீரஞ்சன் போன்ற பெயர்கள்தான் முதலில் உடையும். ஆகவே மாதிரி அச்சுக்கு பட்டியலின் முதல் பத்துப் பெயரைக் கேட்காதீர்கள். கொம்பும் ‘ஸ்ரீ’யும் வரும் பத்துப் பெயரைத் தேடி எடுத்துக் கொடுங்கள். எழுத்து உடையாமல் வந்த பிரதியை பீடிஎஃப் ஆக்கி, அதையே அச்சுக்கு விடச் சொல்லுங்கள்.

பிந்தி வருகிறவர்கள் திடீரென்று முளைப்பதில்லை. அவர்கள் எங்கிருந்து, எதில் வருகிறார்கள் என்பது முதல் நாளே தெரியும். அந்த மாநாட்டுக்கு 31 பேர் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தார்கள். ரயில் நேரத்துக்கு வந்தால் குளித்து, சாப்பிட்டு 8 மணிக்கு மண்டபத்தில் இருப்பார்கள். ஒன்றரை மணித்தியாலம் பிந்தினால் விளக்கேற்றல் நடக்கும்போது 31 பேரும் பயணப் பையோடு ஒன்றாக வாசலில் நிற்பார்கள். ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பிள்ளையை ஏற்றி, அவள் கையில் அந்த 31 அட்டையையும் கையொப்பத் தாளையும் கொடுத்துவிட்டேன். மண்டபத்துக்கு வரும் வழியிலேயே பதிவு முடியும். பெட்டியில் அட்டை எடுத்த இடத்தில் “பஸ்ஸில்” என்று எழுதிய சிவப்புத் துண்டு ஒன்றைச் செருகினோம். அது இல்லாவிட்டால், ரயிலை விட்டு நண்பரின் காரில் வந்துவிட்ட ஒருவருக்காக மேசைப் பிள்ளை பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருப்பாள். அன்று அப்படி இருவர் வந்தார்கள். இருவருக்கும் வெறும் அட்டை எழுதிக் கொடுத்தோம்.

ரயில் 50 நிமிடம் பிந்தியது. பஸ் 9.10க்கு வந்தபோது எல்லார் கழுத்திலும் அட்டை இருந்தது. பயணப் பைகளுக்கு ஒரே எண் போட்ட இரண்டு துண்டு: ஒன்று பையில், ஒன்று கையில். பின் கதவோரம் கடைசி இரண்டு வரிசைக் கதிரைகளில் 9 மணிவரை யாரும் உட்காராமல் நாடா கட்டி வைத்திருந்தோம். விளக்கேற்றலும் தமிழ் வாழ்த்தும் முடியும்வரை பின் கதவில் நின்ற தம்பி யாரையும் விடவில்லை. முடிந்ததும் ஐவர் ஐவராக அனுப்பினான். கதவைத் திறந்தே வைத்தால் ஒவ்வொருவராக நுழைய, மண்டபமே ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும்.

9.30க்கு ஐந்து பெட்டியையும் எண் வரிசையில் ஒரே பெட்டியாக்கி, உதவி மேசையைப் பின் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனோம். அப்போது 46 அட்டை மிச்சம். அவற்றின் எண்ணை ஒரு தாளில் எழுதி சாப்பாட்டுப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன், மதியப் பார்சலைக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்ய. அவர் முப்பதைக் குறைத்தார். மத்தியானத்துக்குள் 17 பேர் வந்துவிட்டார்கள். கடைசி ஆள் 11.50க்கு, கந்தளாயில் வான் டயர் வெடித்து, கையெல்லாம் கரியோடு வந்தார். நான் மேசையை 12 மணிக்கு எடுப்பதாக இருந்தேன். இப்போது மதியச் சாப்பாடு முடியும்வரை எடுப்பதில்லை.