உலாவி நீட்சியில் இருப்பது வி.பி.என் அல்ல, பதிலி

"மெய்நிகர் தனியார் வலையமைப்பு." வி.பி.என் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். தனியார் பேருந்து, தனியார் பள்ளி என்று பழகிய கண்ணுக்கு இது ஏதோ ஒரு நிறுவனத்தின் சொத்தாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் 'பிரைவேட்' இங்கே குறிப்பது பிறர் நுழைய முடியாத தனிமையை. பொதுக் கம்பியிலேயே ஒரு தனிவழி கிடைத்தது போன்ற நிலை, அதனால் 'வர்ச்சுவல்'. 'மெய்நிகர் தனி வலையமைப்பு' என்றால் போதும்.

இதைவிடப் பெரிய பிழை, உலாவியில் சேர்க்கும் நீட்சியையும் அதே பெயரால் அழைப்பது. அத்தகைய நீட்சிகளில் பெரும்பாலானவை செய்வது ஒன்றே: உலாவியின் கோரிக்கைகளை வேறொரு சேவையகத்தின் வழியே திருப்பிவிடுவது. ஆங்கிலத்தில் 'பிராக்ஸி', தமிழில் 'பதிலி'. 'பதில்' அரபு வழி வந்த சொல் என்று தூயதமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் நமக்காக இன்னொருவர் போய்க் கேட்டு வருகிறார் என்பது சொல்லிலேயே விளங்குகிறது. ஆகவே 'உலாவிப் பதிலி' என்றே எழுத வேண்டும். (கணினியில் நிறுவிய வி.பி.என் செயலியை இயக்கும் பொத்தானாக மட்டும் இருக்கும் நீட்சிகள் வேறு.)

பெயர் தவறினால் பயனரும் தவறுகிறார். நீட்சியை இயக்கியபின், ஐ.பி முகவரி காட்டும் தளத்தை உலாவியில் திறந்தால் வேறு நாட்டு முகவரி தெரியும். உடனே முனையத்தில் இதை அடித்துப் பாருங்கள்:

```
curl https://ifconfig.me
```

உங்கள் சொந்த முகவரியே வரும். மின்னஞ்சல் செயலி, டொரண்ட், இயங்குதளப் புதுப்பிப்பு எல்லாம் இதே போலப் பதிலியைத் தொடாமல் நேரே போகின்றன. உலாவிக்குள்ளேயும் ஓட்டை உண்டு. காணொளி அழைப்புக்கான வெப்ஆர்டிசி, யு.டி.பி என்ற நெறிமுறை வழியே பேசும், சாதாரண எச்.டி.டி.பி பதிலி அதைச் சுமக்காது. நீட்சி அதைத் தனியே தடுக்காவிட்டால் உண்மையான முகவரி வெளியே தெரிந்துவிடும். குரோமில் மறைநிலைச் சாளரத்துக்கு நீங்களே அனுமதி தராதவரை நீட்சி அங்கே வேலையே செய்யாது.

கணினியில் நிறுவும் வி.பி.என் செயலியோ இயங்குதளத்தில் ஒரு மெய்நிகர் வலை இடைமுகத்தை உருவாக்கி, வழித்தட அட்டவணையை மாற்றுகிறது. அதனால் எந்த நிரல் அனுப்பினாலும், மறைகுறியாக்கப்பட்டு, சேவையகம் வரை செல்லும் சுரங்கம் போன்ற ஒரு பாதைக்குள்தான் போகும். மேலே சொன்ன கட்டளையும் இப்போது சேவையகத்தின் முகவரியையே காட்டும். இதுதான் பெயருக்குரிய வி.பி.என். இதற்கும் எல்லை உண்டு. சுரங்கம் வி.பி.என் சேவையகத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் எச்.டி.டி.பி.எஸ் மட்டுமே காவல். கணக்கில் உள்நுழைந்திருந்தால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரியும். பழைய முகவரி முறையான ஐபிவி4-ஐ மட்டும் கவனிக்கும் செயலியில், புதிய முறையான ஐபிவி6 போக்குவரத்து வெளியே கசியும். இணைப்பு அறுந்தால் எல்லாம் பழையபடி நேர்வழிக்குத் திரும்பும். 'கில் சுவிட்ச்' எனும் துண்டிப்பு அமைப்பை இயக்கி வைத்திருந்தால்தான் அந்த நேர்வழிப் போக்குவரத்து நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை ஒட்டுவதால், டொரண்டுக்காக நீட்சியை நிறுவிவிட்டு மறைந்துவிட்டதாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.