பெங்களூரில் புது வேலை, முதல் பான் எண்: சிங்கப்பூரில் வாங்கிய சம்பளத்தையும் காட்ட வேண்டுமா?

வெளிநாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, நிதியாண்டின் நடுவில் பெங்களூருக்கு வந்து வேலையில் சேரும் தமிழர்கள் நிறைய. சேர்ந்த வாரத்திலேயே அலுவலகத்திலிருந்து இரண்டு கேள்விகள் வரும். பான் எண் என்ன? இந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து வேறு எங்காவது சம்பளம் வாங்கினீர்களா? முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதற்கு யோசிக்காமல் பதில் எழுதினால், கட்டவே வேண்டியிராத வரி சம்பளத்திலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

முதலில் பான். ஆதார் வைத்திருக்கும் இந்தியக் குடிமகன் வருமான வரித் துறையின் incometax.gov.in தளத்தில் Instant e-PAN என்ற பகுதியில் கட்டணமின்றி எண்ணைப் பெறலாம். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை உள்ளிட்டால் ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, படம் எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆதாரில் பதிந்த பழைய எண் இப்போது செயலில் இருக்காது. அப்படியானால் முதலில் ஆதாரில் அந்தக் கைபேசி எண்ணை மாற்ற வேண்டும். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் பெயரின் முதலெழுத்து. ஆதாரில் தந்தை பெயர் ஓர் எழுத்தாகவும், பாஸ்போர்ட்டில் முழுப் பெயராகவும் இருக்கும். பான் ஆதாரைப் பின்பற்றும் என்பதால், பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திறந்த வங்கிக் கணக்கோடு பெயர் ஒத்துப்போகாது. பானுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரில் பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது.

வெளிநாடு போகும் முன் கல்லூரிக் காலத்திலோ வங்கிக் கணக்குக்காகவோ பான் வாங்கியிருக்கிறீர்களா என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டாவது எண் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். அதே சமயம் பான் தருவதைத் தள்ளிப்போடவும் கூடாது. சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டிய நிலையில் பான் தராதவருக்கு, பிடித்தம் 20 சதவீதத்துக்குக் குறையாது.

இனி இரண்டாவது கேள்வி. காரைக்குடிப் பக்கத்துப் பொறியாளர் ஒருவர் 2016 ஜூனில் சிங்கப்பூர் போனார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு மாதம் ஊருக்கு வந்து போவார். 2025 ஆகஸ்ட் 10 அன்று நிரந்தரமாகத் திரும்பி, அந்த மாத நடுவில் பெங்களூரின் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 1 லட்சம் சம்பளத்தில் சேர்கிறார். மார்ச் வரை அங்கே 7.5 லட்சம் வரும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை சிங்கப்பூரில் வாங்கியது இந்திய மதிப்பில் 9 லட்சம்.

2025-26 நிதியாண்டின் நடுவில் சேர்ந்தவரிடம் அலுவலகம் 12பி படிவம் கேட்டிருக்கும். முந்தைய முதலாளியிடம் வாங்கிய சம்பளத்தை எழுதுவதற்கான படிவம் அது. அந்த 9 லட்சத்தை அதில் எழுதிவிட்டால் கணக்குப் பிரிவு 16.5 லட்சத்துக்கு வரி போடும். நிலையான கழிவு 75,000 போக 15.75 லட்சம். புதிய முறையில் 2025-26க்கான வரி, கூடுதல் வரியோடு சேர்த்து 1,20,900 ரூபாய். எழுதாவிட்டால் வரிக்குரிய வருமானம் 6.75 லட்சம்தான். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி ஏதுமில்லை.

எழுதாமல் இருப்பது மறைப்பதாகாதா என்ற தயக்கம் நியாயமானது. அதற்கான விடை அவர் அந்த ஆண்டில் எந்த வகை வசிப்பாளர் என்பதில் இருக்கிறது. இந்தியச் சட்டம் ஆண்டை இரண்டாக வெட்டுவதில்லை. வரும் வரை வெளிநாட்டவர், வந்த பின் உள்நாட்டவர் என்று கிடையாது. ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு ஆண்டுக்கும் ஒரே நிலைதான்.

ஆகஸ்ட் 10 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் 234 நாட்கள். 182ஐத் தாண்டிவிட்டதால் அவர் வசிப்பாளர். இங்கேயே நிறுத்திவிட்டு, உலகம் முழுவதும் சம்பாதித்ததற்கு வரி கட்ட வேண்டும் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. முந்தைய ஏழு நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த மொத்த நாட்கள் 729க்கு மேல் போகவில்லை என்றால், அவர் 'சாதாரணமாக வசிக்காத வசிப்பாளர்'. ஆண்டுக்கு ஒரு மாதம் வந்தவருக்கு ஏழு ஆண்டுகளுக்கும் சேர்த்து 220 நாட்கள்கூட வராது. இந்த நிலையில் இருப்பவர் வெளிநாட்டில் வேலை செய்து, வெளிநாட்டிலேயே பெற்றுக்கொண்ட சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை.

'வெளிநாட்டிலேயே பெற்றுக்கொண்ட' என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரை விட்டுப் போகும் வெளிநாட்டு ஊழியரின் கடைசித் தொகையை, வரி பாக்கி தீரும் வரை முதலாளி பிடித்து வைப்பது அங்குள்ள விதி. அது கைக்கு வரும்போது ஆள் ஊருக்கு வந்திருப்பார், அங்கத்திய கணக்கையும் மூடியிருப்பார். முதலாளி நேராகக் காரைக்குடி வங்கிக்கு அனுப்பினால், அது இந்தியாவில் பெற்ற வருமானம் ஆகி இங்கே வரிக்கு உட்படும். சிங்கப்பூர்க் கணக்கில் விழுந்த பிறகு நீங்களே ஊருக்கு அனுப்பினால் அப்படி ஆகாது. ஆகவே கடைசித் தொகை வரும் வரை அந்தக் கணக்கை மூடாதீர்கள்.

அலுவலகத்துக்கு வாய்வார்த்தையாகச் சொல்லாமல் கடிதமாகக் கொடுங்கள். இந்த நிதியாண்டில் இந்தியாவில் இருக்கப்போகும் நாட்கள், முந்தைய ஏழு ஆண்டுகளில் இருந்த நாட்கள் ஆண்டுவாரியாக, அதனால் உங்கள் நிலை என்ன, வெளிநாட்டுச் சம்பளம் இந்தியாவில் பெறப்படவில்லை என்ற உறுதி. இவ்வளவு போதும். இந்தியக் குடியேற்ற முத்திரைகள் உள்ள பாஸ்போர்ட் பக்கங்களை இணையுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள், ஏழு ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். சிங்கப்பூர் வரிச் சான்று ஜனவரியிலிருந்து கணக்கிடுவது. அதிலுள்ள தொகையை அப்படியே எடுத்தால் இந்தியாவின் முந்தைய நிதியாண்டுச் சம்பளமும் சேர்ந்துவிடும். தொகை கேட்டால் மாதச் சம்பளச் சீட்டுகளிலிருந்து ஏப்ரல் முதல் கூட்டிக் கொடுங்கள்.

எல்லோருக்கும் இந்த விடை பொருந்தாது. கல்லூரி முடித்து 2022இல்தான் சிங்கப்பூர் போனவர் அதே ஆகஸ்டில் திரும்பினால், முந்தைய ஏழு ஆண்டுகளில் நான்கை முழுமையாக இந்தியாவில் கழித்திருப்பார். 729 என்ற வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். அவர் சாதாரண வசிப்பாளர். சிங்கப்பூர்ச் சம்பளத்தையும் இங்கே காட்டத்தான் வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு உண்டு. அதற்கு 2025-26 ஆண்டுக்கான படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். சிங்கப்பூர் வங்கிக் கணக்கையும் கணக்குத் தாக்கலில் தனி அட்டவணையில் தெரிவிக்க வேண்டும்.

நம் காரைக்குடிப் பொறியாளருக்கு அந்த அட்டவணை தேவையில்லை. ஆனால் சம்பளக்காரர்கள் வழக்கமாக நிரப்பும் ஐடிஆர்-1 அவருக்குச் செல்லாது, ஐடிஆர்-2தான் வேண்டும். கடிதத்தை ஏற்காமல் அலுவலகம் வரியைப் பிடித்துவிட்டாலும், அந்த ஐடிஆர்-2இல் சரியான நிலையைத் தேர்ந்து தாக்கல் செய்தால் பணம் திரும்ப வரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், அதன் பிறகு வருபவர்களுக்குப் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறாக இருக்கும். 182, 729 என்ற நாள் கணக்குகள் மாறவில்லை.