ஓஎல்இடி லேப்டாப்ல ப்ரைட்னஸ குறைச்சா கண்ணு ஏன் வலிக்குது?

ஓஎல்இடி லேப்டாப் வாங்குன பல பேர் முதல் நாளே செய்யுற வேலை, பழைய படம் நிழலா தங்கி ஸ்க்ரீன் பர்ன்-இன் ஆயிடுமோன்னு பயந்து ப்ரைட்னஸ 20, 25னு இறக்கி வெச்சுக்குறது. கண்ணு வலி ஆரம்பிக்கறதே பல சமயம் அங்கதான்.

எங்க அக்கா பையன் சேலம் செவ்வாய்ப்பேட்டைல ரெண்டு மூணு மண்டிக்கு கணக்கு எழுதறான். ராத்திரி குழந்தை தூங்குன அப்புறம் லைட்ட அணைச்சுட்டு டேலிய தொறந்து உக்காருவான், அரைமணி நேரத்துல நெத்திப்பொட்டு தெறிக்குதுங்கறான், கண்ணாடி பவர் செக் பண்ணியாச்சு, சரியாத்தான் இருக்கு. பகல்ல அதே லேப்டாப்ப ஃபுல் ப்ரைட்னஸ்ல வெச்சு மணிக்கணக்கா வேலை பாத்தா ஒண்ணும் ஆகல. வெளிச்சம் அதிகமா இருக்கறப்ப வலிக்காம கம்மி பண்ணா வலிக்குதுன்னா, அங்க சந்தேகப்பட வேண்டியது ஃப்ளிக்கர, அதாவது திரை விட்டு விட்டு எரியறத.

சாதா எல்சிடில பின்னாடி ஒரு பல்பு, முன்னாடி திரை. ஓஎல்இடில ஒவ்வொரு பிக்சலும் தானே எரியுது. கரண்ட்ட குறைச்சா வெளிச்சம் குறையும், ஆனா ரொம்ப குறைச்சா பக்கத்து பக்கத்து பிக்சலே ஒரே மாதிரி எரியாது, சாம்பல் கலர்ல திட்டுத்திட்டா தெரியும், கலரும் மாறும். அதனால கம்பெனிக்காரங்க கரண்ட்ட அப்படியே வெச்சுட்டு பிக்சல அணைச்சு அணைச்சு எரிய விடுறாங்க. இதுக்குத்தான் பிடபிள்யூஎம்னு பேரு. நெறைய லேப்டாப் பேனல்ல இது நொடிக்கு 240 தடவ. அதாவது ஒரு சுத்துக்கு 4 மில்லிசெகண்ட் சொச்சம், கால்வாசி ப்ரைட்னஸ்ல அதுல 1 மில்லிசெகண்ட் எரியும், மிச்ச 3 கும்மிருட்டு.

240 தடவைய கண்ணு நேரா பாத்தா கண்டுபிடிக்காது. ஆனா படிக்கறப்ப கண்ணு சும்மா நிக்கறதில்ல, ஒரு கட்டத்துலேர்ந்து இன்னொரு கட்டத்துக்கு வெடுக்குனு தாவும், அந்த தாவல்ல ஒரே எழுத்து விட்டு விட்டு பல எடத்துல பதியும். எல்லாருக்கும் இது தொந்தரவு தராது, சில பேருக்கு தலைவலி வரைக்கும் போகும். எல்இடி ஃப்ளிக்கருக்குன்னு ஐஇஇஇங்கற இன்ஜினியர்கள் அமைப்பு 2015ல வெளியிட்ட 1789ங்கற பரிந்துரைப்படி 240 ஹெர்ட்ஸ்ல வெளிச்சத்தோட ஏத்த இறக்கம் 19 சதவீதத்துக்குள்ள இருந்தா ஆபத்து கம்மி. இங்க முழுசா அணைஞ்சு எரியுது, அது 100 சதவீதம்.

வீட்லயே செக் பண்ணலாம். வெள்ளையா ஒரு பக்கத்த தொறந்து, ஃபோன் கேமராவ ப்ரோ மோடுல போட்டு ஷட்டர 1/4000 வெச்சு காட்டுங்க. கருப்பு பட்டை பட்டையா தெரியும். இப்ப ப்ரைட்னஸ மெதுவா ஏத்துங்க, பட்டை ஒல்லியாகிட்டே வந்து ஏதோ ஒரு எடத்துல காணாம போகும், அதுக்கு மேல அந்த லேப்டாப் கரண்ட்ட வெச்சே வெளிச்சத்த மாத்துதுன்னு அர்த்தம். அந்த எடம் மாடலுக்கு மாடல் வேற. ஒரே ஒரு மெல்லிசு கோடு மட்டும் மிச்சம் நின்னா அது படம் மாறுற கோடு, பயப்பட வேணாம். சில பேனல்ல 100லயும் பட்டை போகாது, அதுக்கு கீழ சொல்ற வழி பாதிதான் உதவும்.

வழி இதுதான். ஸ்லைடர பட்டை போற எடத்துக்கு மேலயே விட்டுட்டு, படத்த மட்டும் மங்கலாக்குங்க. சில கம்பெனி ஆப்லயே ஃப்ளிக்கர் இல்லாத டிம்மிங்னு தனி ஸ்லைடர் இருக்கு. லினக்ஸ்ல எக்ஸ்11 ஓட்டறவங்களுக்கு:

```
xrandr --output eDP-1 --brightness 0.5
```

0.5ன்னா பாதி வெளிச்சம்னு நெனைக்காதீங்க, காமா கணக்கால கால்வாசிக்கும் கொஞ்சம் கீழ போயிடும். எல்சிடில இப்படி பண்ணா பல்பு பின்னாடி எரிஞ்சுட்டே இருக்கறதால கருப்பு வெளுத்து தெரியும், ஓஎல்இடில அந்த தொல்லை கெடையாது. இருட்டு சீன்ல மட்டும் கொஞ்சம் நுணுக்கம் போகும், டேலிக்கு அது எதுக்கு!

அப்ப ஸ்லைடர் மேல இருந்தா பர்ன்-இன் ஆகாதா? பிக்சல் தேயறது ஸ்லைடர் நம்பர பாத்து இல்ல, அது நெசமா விட்ட வெளிச்சத்த பாத்து. படத்த மங்கலாக்குனா பிக்சல் கம்மியாத்தான் எரியுது. வெளிச்சம் பாதியானா ஆயுசு ரெண்டு மடங்குக்கும் மேலயே, மூணு நாலு மடங்கு வரைக்கும் போகும். பயப்படணும்னா மாறாம நிக்கற வெள்ளைக்கு பயப்படுங்க, நாள் பூரா ஒரே எடத்துல இருக்கற டாஸ்க்பாரு, டேலியோட மேல் பட்டை. நீல பிக்சல் மத்ததவிட சீக்கிரம் தேயும், அந்த எடம் பின்னாடி மஞ்சளா நிழல் காட்டும். டாஸ்க்பார ஒளிச்சு வெச்சு, வால்பேப்பர கருப்பாக்குனா போதும்.

புதுசா வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, அஞ்சு ரோடு பக்கம் எந்த ஷோரூம் போனாலும் லேப்டாப் ஃபுல் ப்ரைட்னஸ்ல பளபளன்னு ஓடிட்டு இருக்கும், அதுல பெரும்பாலும் பட்டை தெரியாது. கடைக்காரர் மூஞ்சிய பாக்காம ஸ்லைடர 20க்கு இறக்கிட்டு ஃபோன காட்டுங்க.