‘போன மாச ரிப்போர்ட்’ என்றால் எது?

வீட்டு உபயோகப் பொருட்களை விற்கும் ஒரு கடைத்தொடரில் நான் தரவுப் பகுப்பாய்வாளராக இருந்தபோது, விற்பனை மேலாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டார்: “போன மாச சேல்ஸ் ரிப்போர்ட் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க சார்.” மார்ச் மாதப் பில்களைக் கூட்டி ரூ.42 லட்சம் என்று அனுப்பினேன். மறுநாள் கூட்டத்தில் கணக்குப் பிரிவினர் ரூ.35.6 லட்சம் என்றார்கள்.

இரண்டும் சரியான தொகைகள்தாம். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 1.18 வருகிறது, அங்கே விற்ற மிக்சிக்கும் மின்விசிறிக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால், நான் வரியோடு கூட்டியிருக்கிறேன், அவர்கள் வரியை நீக்கியிருக்கிறார்கள் என்பது உடனே புரிந்தது. கேட்காமலே முடிவெடுத்தது என் தவறு. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அறிக்கையைக் கேட்பவரே.

வரியைப் போலவே, மார்ச்சில் விற்று ஏப்ரலில் திரும்பி வந்த பொருளை எந்த மாதத்தில் கழிப்பது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். கிளைகளின் விற்பனைத் திறனை ஒப்பிடுவதானால் விற்ற மாதத்தில் கழிப்பது பொருந்தும். கணக்கேடுகளோடு ஒத்துப்போக வேண்டுமானால் திரும்பி வந்த மாதத்தில் கழிக்க வேண்டும். அறிக்கை எதற்கு என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஆகவே, அதே கோரிக்கையைப் பிறகு இவ்வாறு திருத்தி எழுதினோம்:

“எந்தக் கிளைக்குக் கூடுதல் சரக்கு அனுப்புவது என்று திங்கட்கிழமை காலை 11 மணிக் கூட்டத்தில் முடிவு செய்யவிருக்கிறோம். அதற்காக, பில் தேதிப்படி மார்ச் 1 முதல் 31 வரையிலான விற்பனை கிளைவாரியாகத் தேவை. ஜிஎஸ்டி சேர்க்க வேண்டாம். இதுவரை திரும்பி வந்தவற்றை விற்ற மாதத்திலேயே கழித்துவிடுங்கள். ஆன்லைன் ஆர்டர்கள் வேண்டாம். எக்செல் கோப்பில் ஒரே தாளில், கிளைக்கு ஒரு வரிசையாக, எண்ணிக்கையும் தொகையும் இருந்தால் போதும். சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் கிடைத்தால் சரிபார்க்க நேரமிருக்கும். தாமதமானால் தொகையை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள்.”

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதுவதில்லை; எனக்கு அதிகம் உதவியது அதுதான். ‘சீக்கிரம்’ என்பதற்கு நான் மாலை என்று பொருள் கொள்வேன், அவர் அரை மணி நேரம் என்று நினைத்திருப்பார். நேரம் போதாதபோது எதை விடலாம் என்று தெரிந்தால், அவசரத்தில் சரிபார்ப்பைக் கைவிட நேராது.

அட்டவணைப் பெயர்களையோ நெடுவரிசைப் பெயர்களையோ கேட்பவர் அறிந்திருக்கத் தேவையில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பது நெடுவரிசைகளைக் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் மூன்றைத்தான். இப்போதெல்லாம், இத்தகைய விவரம் இல்லாத கோரிக்கை வந்தால், வேலையைத் தொடங்கும் முன் மேற்கண்ட வடிவில் நானே எழுதி, “இப்படித்தானே கேட்கிறீர்கள்?” என்று திருப்பி அனுப்புகிறேன். பெரும்பாலும் வரியைப் பற்றிய இடத்தில்தான் திருத்தம் வருகிறது.