பகுவல்: அளவுகோல் குறுகக் குறுக நீளும் கரை

ஃபிராக்டல் என்ற சொல்லை 1975இல் உருவாக்கியவர் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட். ‘உடைந்த’ என்று பொருள்படும் ஃபிராக்டஸ் என்ற லத்தீன் சொல் அதன் வேர். தமிழில் ‘பகு’ என்ற வினையிலிருந்து வந்த பகுவல் என்பது இதற்கு வழங்குகிறது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் நேராகிவிடாமல் புதுப்புது மடிப்புகளைக் காட்டிக்கொண்டே இருக்கும் வடிவம் பகுவல். சொல் பிறப்பதற்கு முன்பே, அளக்க முடியாத கடற்கரை என்ற சிக்கலாக அது கணக்கில் நுழைந்துவிட்டது.

இதை அளந்து காட்டியவர் ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். நாடுகளின் பொது எல்லை நீளத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தவருக்கு, எல்லை நீளங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஸ்பெயின்–போர்ச்சுகல் எல்லை ஓரிடத்தில் 987 கி.மீ., இன்னோரிடத்தில் 1214 கி.மீ. என்றிருந்தது. அவர் கவராயத்தின் இரு முனைகளையும் ஒரே இடைவெளியில் நிறுத்தி, வரைபடத்தின் மேல் அடியடியாக நடத்தி எண்ணிப் பார்த்தார். இடைவெளியைக் குறைத்தபோதெல்லாம் மொத்த நீளம் கூடியது.

காரணம் எளிது. கவராயத்தின் ஒவ்வோர் அடியும் ஒரு நேர்கோடு. அந்த அடிக்குள் அடங்கும் சிறு வளைகுடாவையும் முனையையும் அது தாண்டிப் போய்விடும். அடியைச் சுருக்கினால் அவற்றுக்குள்ளும் இறங்கி ஏற வேண்டும். ஆனால் வட்டத்தையும் இப்படித்தானே அளக்கிறோம், அது ஏன் நீண்டுகொண்டே போவதில்லை? விட்டம் 1 உள்ள வட்டத்துக்குள் அறுகோணம் வரைந்தால் சுற்றளவு 3. பன்னிரு கோணத்தில் 3.106, இருபத்து நான்கில் 3.133. கூடுதல் சட்டென்று தேய்ந்து 3.1416ஐ நெருங்கி நின்றுவிடுகிறது. வட்டத்தின் சிறு துண்டு கிட்டத்தட்ட நேர்கோடு; அதற்குள் அளக்கப் புதிதாக எதுவும் மிச்சமில்லை. கரையின் சிறு துண்டோ முழுக் கரையைப் போலவே கோணலாக இருக்கிறது.

இதைத் துல்லியமாகப் பார்க்க, சுவீடன் கணிதவியலாளர் ஹெல்கே வான் கோக் 1904இல் தந்த வளைகோடு உதவும். ஒரு நேர்கோட்டை மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டை நீக்கி, அங்கே அதே நீளமுள்ள இரண்டு துண்டுகளைக் கூரை போல நிறுத்த வேண்டும். கிடைக்கும் நான்கு துண்டுகளிலும் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரு முனைகளுக்கும் இடையே 81 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 81 கி.மீ. கோலால் அளந்தால் ஓர் அடி, நீளம் 81. கோல் 27 ஆனால் 4 அடி, நீளம் 108. கோல் 9 என்றால் 16 அடி, 144. கோல் 3 என்றால் 64 அடி, 192. கோல் 1 என்றால் 256 அடி, 256 கி.மீ. கோல் மூன்றில் ஒன்றாகும்போதெல்லாம் அடிகள் மூன்று மடங்கானால் நீளம் மாறாது. இங்கே அவை நான்கு மடங்காகின்றன. அந்த மிகுதிதான் நீளமாகச் சேர்கிறது, அதற்கு முடிவில்லை.

மாண்டல்பிராட் 1967இல் ரிச்சர்ட்சனின் கண்டுபிடிப்பை இப்படி விளக்கினார்:

```
L(G) = M × G^(1−D)
```

G என்பது கோல், L கிடைக்கும் நீளம், M ஒரு மாறிலி, D கோடு எவ்வளவு கோணலானது என்பதைக் காட்டும் பரிமாணம். D = 1 என்றால் கோல் எதுவானாலும் நீளம் ஒன்றே. கோக் வளைகோட்டுக்கு D சுமார் 1.26. ரிச்சர்ட்சனின் அளவுகளின்படி பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25, வழவழப்பான தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02. அதாவது கோலைப் பாதியாக்கினால் பிரிட்டனின் மேற்குக் கரை சுமார் 19 விழுக்காடு நீளும், தென்னாப்பிரிக்கக் கரை ஒன்றரை விழுக்காடுகூட நீளாது. ஸ்பெயின்–போர்ச்சுகல் எல்லைக்கு D 1.14. ஒருவர் கோல் மற்றவர் கோலில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருந்திருந்தால், அந்த 227 கி.மீ. வேறுபாடு வந்துவிடும், இருவர் அளவிலும் பிழை இருக்க வேண்டியதில்லை.

D-யைப் ‘பின்னப் பரிமாணம்’ என்றும் எழுதுகிறார்கள். சிலை உடைந்தால் பின்னமாகிவிட்டது என்கிறோம், ஆகவே லத்தீன் வேருக்கு இது அழகாகவே பொருந்துகிறது. ஆனாலும் பின்னம் என்றால் முழு எண் அல்லாதது என்றும் பொருள்; D முழு எண்ணாக வரும் பகுவல்களும் உண்டு. அதனால் ‘பகுவல் பரிமாணம்’ என்பதே பிழையில்லாத வழக்கு.

நீங்களே D-யைக் காண, வரைபடத்தில் ஒரு கரையை ஐந்தாறு கோல்களால் அளந்து, log G-க்கு எதிராக log L-ஐக் குறியுங்கள். புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழும். அதன் சாய்வு 1−D. கடைசியில் மிஞ்சும் அரைகுறை அடி பெரிய கோல்களில் கணக்கைக் கெடுக்கும். தொடங்கும் இடத்தை மாற்றிப் பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது சரியாகும். சிறிய கோல்களின் பக்கம் கோடு திடீரெனப் படுத்துவிட்டால், கரை வழவழப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். வரைபடம் தீட்டியவர் விட்டுவிட்ட நுணுக்கத்துக்கும் கீழே உங்கள் கோல் போய்விட்டது. அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டுச் சாய்வைக் காணுங்கள். களத்தில் இறங்கி அளந்தாலும் எல்லை உண்டு. கோல் மீட்டர் கணக்குக்குச் சுருங்கும்போது, கரை எது என்பதையே அலையும் ஓதமும் நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருக்கும்.